‘யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் யார்?
அவசரச் செய்தியைப் பணிப்பகிர்வு அறிவிப்பாக மாற்றும் முறை

‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்ற பயிற்சியை நாம் எல்லா வகுப்புகளிலும் கொடுக்கிறோம். ‘பாத்துக்கோங்க’ என்பதை மாணவர் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் மதிப்பெண் தருகிறோம். மொழிப்பாடத்துக்கு அது சரி. ஆனால் ‘யாராவது பாத்துக்கோங்க’ என்ற செய்தியை ‘யாரேனும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று திருத்தினால், எழுத்துப்பிழை நீங்குமே தவிர, யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பள்ளியில் பொறுப்புகள் கைமாறும்போது வெளியாகும் அறிவிப்புகளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். வாக்கியம் செம்மையாக இருக்கும். செய்தி மட்டும் இருக்காது.

இதை ஓர் உண்மைச் செய்தியை வைத்தே பார்க்கலாம். நான் பணிபுரிவது பேச்சிப்பாறைப் பகுதியில் உள்ள ஒரு நடுநிலைப்பள்ளி. தலைமை ஆசிரியருடன் சேர்த்து நாங்கள் ஏழு பேர். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு மூன்று இடைநிலை ஆசிரியர்கள். 6 முதல் 8 வரை தமிழ், கணக்கு, அறிவியல் ஆகியவற்றுக்கு மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். சென்ற ஜூலை 31, வியாழன் மாலை, ஒன்றியக் கூட்டத்தில் இருந்தபடியே எங்கள் தலைமை ஆசிரியர் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். ‘டீச்சர், இத கொஞ்சம் நேராக்கித் தாங்க, குரூப்ல போடணும்’ என்பது அதன் முதல் வரி. கீழே இருந்தது இது:

‘ரெண்டு மூணு டீச்சர் திங்கள்ல இருந்து லீவு. டேட் கிட்ட வந்தாச்சு. ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் மூணு கிளாசையும் சேத்துப் பாக்கட்டும், பிள்ளைங்க கம்மிதானே. சயின்ஸ் சார் கொஞ்சம் மூணாம் கிளாசுக்கும் போகணும். எமிஸ் இனி தமிழ் டீச்சர், பீரியட் கம்மிதானே. காலைச் சாப்பாடு யாராவது பாத்துக்கோங்க. பிஇஓ ஆபீஸ்ல பேசியாச்சு, இன்னும் ஒரு மாற்றம் இருக்கலாம், வந்தா சொல்றேன். இனிமேலாவது எல்லாரும் எட்டே முக்காலுக்கு வரணும். டைம்டேபிள் அப்புறம்.’

இதை எழுதியவர் கடுமையானவர் அல்லர். கூட்டத்தின் நடுவே, மனத்தில் ஓடியதை ஓடிய வரிசையிலேயே தட்டச்சு செய்திருக்கிறார். அவருக்குப் பின்னணி முழுவதும் தெரியும். ஆகவே அவர் கண்ணுக்கு இது தெளிவான செய்தி. படிக்கிற ஆறு பேருக்கும் அந்தப் பின்னணி தெரியாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதல் வேலை: பிரித்து அடுக்குதல்

இப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால் உடனே வாக்கியங்களைத் திருத்தத் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு தொடரையும் எடுத்து, இது முடிவா, காரணமா, இன்னும் முடிவாகாததா, மனத்தாங்கலா என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேலே உள்ள செய்தியில் முடிவுகள் நான்கு: 1, 2, 3ஆம் வகுப்புகள் ஓர் ஆசிரியரிடம் சேர்கின்றன, அறிவியல் ஆசிரியர் 3ஆம் வகுப்புக்குப் போகிறார், எமிஸ் பணி கைமாறுகிறது, காலை உணவு மேற்பார்வை கைமாறுகிறது. காரணம் ஒன்றே ஒன்று, ஓர் ஆசிரியரின் விடுப்பு. முடிவாகாதவை இரண்டு: பிஇஓ அலுவலகத்திலிருந்து வரக்கூடிய ‘மாற்றம்’, கால அட்டவணை. மீதி இருப்பது ‘இனிமேலாவது எட்டே முக்காலுக்கு’ என்ற தொடர். இதற்கும் விடுப்புக்கும் தொடர்பே இல்லை. யாரோ ஒருவர்மீது இருந்த வருத்தம், எழுதுகிற வேகத்தில் எல்லார் பெயரிலும் வந்துவிட்டது.

இப்படிப் பிரித்த பிறகு, படிப்பவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார் என்பது தானாகத் தெரியும். ‘ரெண்டு மூணு டீச்சர்’ என்பது 2, 3ஆம் வகுப்புகளின் ஆசிரியரைக் குறிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒன்றாக விடுப்பில் போகிறார்கள் என்றும் அதைப் படிக்க இடம் இருக்கிறது.

இதைவிடக் கனமானது ‘இன்னும் ஒரு மாற்றம் இருக்கலாம்’ என்ற வரி. தலைமை ஆசிரியர் நினைத்தது, விடுப்பில் செல்பவரின் இடத்துக்கு மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன் என்பதை. அது நல்ல செய்தி. ஆனால் செய்தி வரும் நாளைப் பாருங்கள். ஆகஸ்ட் 1ஆம் நாள் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. மாணவர் குறைவான மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில், அந்த வாரத்தில், ‘பிஇஓ ஆபீஸ்’, ‘மாற்றம்’, ‘பிள்ளைங்க கம்மி’ என்ற மூன்று சொற்களும் ஒரே செய்தியில் வந்தால் படிப்பவர் மனத்தில் எழும் சொல் பணிநிரவல். உபரி என்று யாரை அனுப்பப் போகிறார்கள் என்ற கவலையில் அன்றைய இரவு கழியும். ஒரு நல்ல செய்தி சொல் தேர்வினால் அச்சமாக மாறும் இடம் இது.

இரண்டாவது வேலை: திரும்பக் கேட்டல்

விடுபட்டதை எழுதுபவர் தாமாக ஊகித்து நிரப்பக் கூடாது. அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை அதிகம். ‘கொஞ்சம் போகணும்’ என்பதை ‘வாரம் இருமுறை’ என்று நாமாக எழுதிவிட்டால் அது தலைமை ஆசிரியர் எடுக்காத முடிவு. நாம் எடுத்த முடிவு. ஆகவே அன்று இரவு தொலைபேசியில் ஆறு கேள்விகள் கேட்டேன்.

எப்போது முதல் என்பது தெரிகிறது, எதுவரை? இந்தக் கல்வியாண்டு முடியும் வரை. மாற்றுப்பணியில் ஒருவர் வந்தால் அதற்கு முன்பே மீண்டும் மாறும்.

மூன்று வகுப்புகளை ஏன் சேர்க்கிறோம்? மூன்று வகுப்பிலும் சேர்த்து 22 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏற்கெனவே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் கற்பிக்கிறோம். ஆகவே ஒரே அறையில் நடத்த முடியும். 3ஆம் வகுப்புக் கணக்குக்கு மட்டும் துணை வேண்டும். இந்தக் காரணம் செய்தியில் எங்குமே இல்லை. அங்கே இருந்தது ‘பிள்ளைங்க கம்மிதானே’ என்பது மட்டும்.

அறிவியல் ஆசிரியர் ‘கொஞ்சம்’ போவது என்றால் எவ்வளவு? தினமும் பிற்பகல் முதல் பாடவேளை, கணக்கு மட்டும்.

காலை உணவை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குச் சற்று நேரம் அமைதி இருந்தது. முதல் மணி அடிக்கும் முன்பே உணவு பரிமாறப்படுகிறது. குலசேகரத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. பேசிப் பார்த்ததில், தாமே மூன்று நாள் பார்ப்பதாகவும், அருகில் குடியிருக்கும் 4, 5ஆம் வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு நாள் கேட்பதாகவும் சொன்னார்.

கூடுதல் பொறுப்பு வருபவரிடமிருந்து எதை எடுக்கிறோம்? பொறுப்பு மாற்ற அறிவிப்புகளில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி இது. எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பட்டியலிடுகிறோம். எதைக் குறைக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை, பல நேரம் யோசிப்பதும் இல்லை. 1ஆம் வகுப்பு ஆசிரியரிடம் நூலகப் பொறுப்பும் இருந்தது. கேட்ட பிறகு அது கணித ஆசிரியருக்கு மாறியது. அறிவிப்பை எழுத முயன்றதால் முடிவே மேம்பட்டது என்று சொல்லலாம்.

கடைசிக் கேள்வி என்னைப் பற்றியது. எமிஸ் பணி எனக்கு வருகிறது. ‘பீரியட் கம்மிதானே’ என்பது காரணம். என் பணிச்சுமை குறித்த வரியை நானே திருத்தினால் அது தெரிந்தோ தெரியாமலோ என் பக்கம் சாயும். ஆகவே, ‘இந்த வரியில எனக்கும் பங்கு இருக்கு டீச்சர், இத நீங்களே எழுதுங்க’ என்று சொல்லிவிட்டேன். யோசித்து அவர் எழுதியது வேறு காரணம்: சென்ற ஆண்டு அந்த ஆசிரியர் விடுப்பிலிருந்த நாள்களில் எமிஸ் பணியைச் செய்து பழகியவர் நான் என்பது. அதுதான் அவர் மனத்தில் இருந்த உண்மைக் காரணமும்கூட. அவசரத்தில் கையில் கிடைத்த சொல்தான் ‘கம்மிதானே’.

மூன்றாவது வேலை: யார் எதை எப்படி அறிய வேண்டும்

குழுவில் போடும் முன் மூன்று பேரிடம் நேரில் பேச வேண்டியிருந்தது. மூன்று வகுப்புகளை ஏற்பவர், தினமும் ஒரு பாடவேளை கூடுபவர், காலை உணவுக்கு வர வேண்டியவர். தன் வேலை மாறியதை மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து கைப்பேசித் திரையில் ஒருவர் அறிவது, முடிவு நியாயமாக இருந்தாலும், அவமதிப்பாகவே தோன்றும். அணைக்கு அப்பால் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. பாதிக்கப்படுபவர் கடைசியில் அறிபவராகவும் ஆகிவிடலாம். தலைமை ஆசிரியர் வெள்ளி காலை மூவரிடமும் தனித்தனியே ஐந்து நிமிடம் பேசினார். அறிவியல் ஆசிரியர் பிற்பகல் இரண்டாம் பாடவேளை தனக்கு வசதி என்றார், அப்படியே மாறியது. அறிவிப்பு வெளியான பின் இதே மாற்றத்தைச் செய்திருந்தால் அது திருத்த அறிவிப்பாகியிருக்கும்.

சில செய்திகள் அறிவிப்பிலேயே வரக் கூடாது. ‘டேட் கிட்ட வந்தாச்சு’ என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனினும் விடுப்பின் வகை அவருடைய சொந்த விவரம். பொறுப்பு மாறுவதை விளக்க ‘நீண்ட விடுப்பு’ என்ற இரண்டு சொற்கள் போதும். எட்டே முக்கால் விவகாரமும் அப்படியே. அது ஒருவரிடம் தனியே பேச வேண்டியது. பொதுவில் எழுதினால், நேரத்துக்கு வருகிற ஐந்து பேர் மனம் நோவார்கள். வராத ஒருவர் இது தனக்கில்லை என்று நினைப்பார்.

எழுதியது

பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. மழைக்காலத்தில் மட்டம் ஏறி மறுகால் திறக்கும் நிலை வந்தால், ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். தண்ணீர் திறக்கப்படுகிறது, கரையோரம் இருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்பது முதலில் வரும். மழை ஏன் பெய்தது என்பதிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. பணிப்பகிர்வு அறிவிப்புக்கும் இந்த வரிசைதான்: என்ன மாறுகிறது, எப்போது முதல், ஏன், யாருக்கு என்ன, எது மாறவில்லை, எது இன்னும் முடிவாகவில்லை, யாரிடம் கேட்பது. வெள்ளி மாலை சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெறப்பட்டு, பிறகு குழுவிலும் இடப்பட்ட அறிவிப்பு இது:

‘ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 4, திங்கள்கிழமை முதல் நம் பள்ளியில் சில பொறுப்புகள் மாறுகின்றன. 2, 3ஆம் வகுப்புகளின் ஆசிரியர் அன்று முதல் நீண்ட விடுப்பில் செல்வதால் இந்த ஏற்பாட்டைச் செய்துள்ளேன். இக்கல்வியாண்டு முடியும் வரை இது தொடரும்.

1. 1, 2, 3ஆம் வகுப்புகளை 1ஆம் வகுப்பு ஆசிரியர் ஒரே அறையில் நடத்துவார். எண்ணும் எழுத்தும் வகுப்புகள் நிலைவாரியாக நடப்பதால் இது இயலும் என்று கருதுகிறேன். அவரிடமிருந்த நூலகப் பொறுப்பைக் கணித ஆசிரியர் ஏற்கிறார்.

2. 3ஆம் வகுப்புக் கணக்குக்கு மட்டும் தினமும் பிற்பகல் இரண்டாம் பாடவேளையில் அறிவியல் ஆசிரியர் செல்வார்.

3. எமிஸ் பணிகளைத் தமிழாசிரியர் ஏற்கிறார். சென்ற ஆண்டு சில நாள்கள் இப்பணியைச் செய்த பழக்கம் அவருக்கு உண்டு. அன்றாட மாணவர் வருகைப் பதிவை வழக்கம்போல் அந்தந்த வகுப்பாசிரியரே செய்வார்.

4. காலை உணவு மேற்பார்வை: திங்கள், புதன், வெள்ளி நான், செவ்வாய், வியாழன் 4, 5ஆம் வகுப்பு ஆசிரியர்.

மற்ற வகுப்புகளும் பொறுப்புகளும் மாறவில்லை. யாருடைய பணியிடத்தையும் இந்த ஏற்பாடு பாதிக்காது.

விடுப்புக் காலத்துக்கு மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரை அனுப்புமாறு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுள்ளேன். இன்னும் விடை வரவில்லை. அவர் வந்தால் 1, 2 ஆகியவை மீண்டும் மாறும். புதிய கால அட்டவணையைத் திங்கள் காலை தருகிறேன்.

மூன்று வகுப்புகளைச் சேர்ப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆகஸ்ட் 14, வியாழன் மாலை கூடி, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பேசுவோம். அதற்கு முன் ஏதேனும் இடர் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர்’

இது மூலச் செய்தியைவிட நீளமானது. சுருக்கம் எப்போதும் தெளிவாகிவிடாது. ஆனால் இதில் ஒவ்வொருவரும் தமக்கான வரியை உடனே கண்டுபிடிக்க முடியும்.

தமிழுக்கே உரிய சில இடங்கள்

மூலத்தில் புண்படுத்திய சொற்கள் வசைச் சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு ஒட்டுகள். ‘கம்மிதானே’ என்பதில் வரும் ‘தானே’, இதில் மறுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவரின் வாயை அடைக்கிறது. ‘இனிமேலாவது’ என்பதில் வரும் ‘ஆவது’, இதுவரை செய்யவில்லை என்ற குற்றச்சாட்டைச் சொல்லாமலே சொல்கிறது. ‘பாக்கட்டும்’ என்பது முன்னிலையில் இருப்பவரையும் படர்க்கையாக்கித் தள்ளி நிறுத்துகிறது. எழுத்து வழக்குக்கு மாற்றும்போது ‘பார்க்கட்டும்’, ‘குறைவுதானே’, ‘இனிமேலாவது’ என்று இவை மூன்றும் இலக்கணச் சுத்தமாக அப்படியே தங்கிவிடும். தேடி எடுக்க வேண்டியவை இவையே.

இன்னொன்று தன்மைப் பெயர். ‘நாம் முடிவு செய்துள்ளோம்’ என்று எழுதினால் கனிவாகத் தோன்றும் என்று நினைக்கிறோம். தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உளப்படுத்தும் சொல். முடிவெடுக்கும்போது இல்லாத ஒருவர் அதைப் படித்தால், ‘என்னை எப்போது கேட்டீர்கள்?’ என்றுதான் நினைப்பார். ‘இவ்வாறு பொறுப்புகள் ஒதுக்கப்படுகின்றன’ என்ற செயப்பாட்டுவினை அதற்கு நேர்மாறு: முடிவெடுத்தவரே காணாமல் போகிறார். ‘செய்துள்ளேன்’ என்பது நேர்மையானது. யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. கூடிப் பேசப் போவது எல்லாரும் என்பதால், அந்த வரியில் மட்டும் ‘பேசுவோம்’ பொருந்துகிறது.

கனிவு மிகுந்துபோவதும் உண்டு. ‘நம் பள்ளிக் குடும்பத்தின் ஒத்துழைப்பால் புதிய பொலிவுடன் பணிகளைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று ஒருவர் தொடங்கினால், மூன்று வகுப்புகள் ஒருவர் தலையில் ஏறும் செய்தி நான்காம் பத்தியில்தான் வரும். சுமை கூடுகிறவருக்கு அந்தப் பொலிவு எரிச்சலூட்டும். ‘எளிதன்று என்பதை அறிவேன்’ என்ற ஒரே வரியும், கூடிப் பேச ஒரு நாளும் அதைவிட மேலானவை.

சரியாக வந்ததா என்று அறிவது

வெளியிடும் முன் ஒரு சோதனை உண்டு. இந்த மாற்றத்தில் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து, படித்த பின் தாளை வாங்கிக்கொண்டு, ‘செவ்வாய்க்கிழமை காலை உணவை யார் பார்ப்பார்? இது எதுவரை?’ என்று கேளுங்கள். அவர் ‘இருக்கும்னு நினைக்கிறேன்’ என்று தொடங்கினால் அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். வெளியிட்ட பின் வரும் கேள்விகளும் ஓர் அளவுகோல். ‘எப்படிச் செய்வது?’ என்ற கேள்விகள் வந்தால் அறிவிப்பு வேலை செய்திருக்கிறது. ‘அப்படியென்றால் என்ன?’, ‘உண்மையில் ஏன்?’ என்று வந்தால் செய்யவில்லை.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஓர் அறிவிப்புக்கு எல்லை உண்டு. திங்கள்கிழமை, மலைக்குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார் சிலர் கேட்டது, ‘டீச்சர் போனா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்களா?’ என்று. ஆசிரியர்களுக்கு எழுதிய அறிவிப்பு அவர்களுக்கு விடை தராது. குழு, பாடவேளை, எமிஸ் எதுவும் அவர்களுக்குத் தேவையும் இல்லை. அவர்களுக்காகத் தனியே நான்கு வரிகள் எழுதி வாசலில் ஒட்டினோம், வாயாலும் சொன்னோம்: பள்ளி வழக்கம்போல் நடக்கும், 1, 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிப்பார்கள், காலை உணவு அதே நேரத்தில் கிடைக்கும், ஐயம் இருந்தால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

இந்த இரண்டு அறிவிப்புகளையும் மூலச் செய்தியையும், அடையாளங்களை நீக்கிவிட்டு, 8ஆம் வகுப்பு மொழிப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ‘எழுத்து வழக்காக மாற்றுக’ என்று கேட்பதற்கு முன், ‘இதை எழுதியவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?’ என்று கேட்டு, ஐந்து கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். மாற்றி எழுதுவது அதன் பிறகு வரட்டும்.